பட்டியலைத் தாண்டாத ரோபோ

“குளிர்பானத்தைக் கொட்டிவிட்டேன், உதவ முடியுமா?” 2022இல் கூகுள் ஆய்வாளர்கள் இந்த ஒரு வாக்கியத்தை மூன்று மொழி மாதிரிகளிடம் கொடுத்தார்கள். வாக்குவம் கிளீனரைப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்றது ஒன்று. துப்புரவாளரைத் தேடித் தரட்டுமா என்று கேட்டது இன்னொன்று. மூன்றாவது, தானே கொட்டிவிட்டதுபோல மன்னிப்புக் கேட்டது.

மூன்றும் நல்ல வாக்கியங்கள்தான். ஆனால் சமையலறையில் சக்கரங்களின் மேல் ஒற்றைக் கையோடு நிற்கும் ரோபோவுக்கு ஒன்றுகூடப் பயன்படாது. அந்த அறையில் வாக்குவம் கிளீனர் இல்லை. இருந்தாலும் அதை இயக்க அதற்கு யாரும் கற்றுத் தரவில்லை. மொழி மாதிரி உலகத்தைப் பற்றி ஏராளமாகப் படித்திருக்கிறது. தான் எந்த உடம்புக்குள் இருக்கிறோம் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

‘சேகேன்’ என்ற பெயரில் அந்தக் குழு கண்ட வழி, கேள்வியையே திருப்பிப் போடுவது. “என்ன செய்யலாம்?” என்று மாதிரியிடம் கேட்கக் கூடாது. ரோபோவுக்குச் செய்யத் தெரிந்த செயல்களைப் பட்டியலாக எழுதிவைத்து, “இவற்றுள் எது பொருந்தும்?” என்று கேட்க வேண்டும். ஸ்பாஞ்சைத் தேடு, ஸ்பாஞ்சை எடு, ஆப்பிளை எடு, மேசைக்குப் போ, முடிந்தது என்பதுபோலக் குட்டிக் குட்டிச் செயல்கள். அவர்களுடைய பட்டியலில் 551 செயல்கள் இருந்தன. பொருளை எடுப்பது, வைப்பது, தேடிப் போவது எனச் சில வகைகளுக்குள் அவை அடங்கும்.

இதில் நுட்பம் ஒன்று இருக்கிறது. மொழி மாதிரியின் அடிப்படை வேலை, இதுவரை வந்த சொற்களுக்குப் பின் அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவு தருவது. அந்த நிகழ்தகவுப்படி சொற்களைத் தேர்ந்து கோத்தால் அது பேசுகிறது. சேகேனில் அதைப் பேசவிடுவதே இல்லை. பயனர் சொன்னதை முன்னால் வைத்து, பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியும் அதற்குப் பதிலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட மட்டும் சொல்கிறார்கள். பட்டியலில் இல்லாத சொல் வெளியே வர வழியே இல்லை. தவறாகப் பேசாதே என்று மாதிரியிடம் கேட்டுக்கொள்வதைவிட இது உறுதியான ஏற்பாடு.

அடுத்து, மொழிக்குப் பொருந்துவது இந்த நொடியில் நடக்கக்கூடியதா என்ற கேள்வி. அதற்குத் தனியாக ஒரு மதிப்பீட்டாளர் உண்டு. ரோபோவின் கேமரா பார்க்கும் காட்சியை வைத்து, ‘இந்தச் செயலை இங்கே, இப்போது தொடங்கினால் வெற்றி பெற எவ்வளவு வாய்ப்பு’ என்று 0 முதல் 1 வரை அது மதிப்பெண் தரும். செய்து பார்த்து, வெற்றிக்கு 1, தோல்விக்கு 0 என்று கற்றதால் வந்த மதிப்பெண் இது. இரண்டு மதிப்பெண்களையும் பெருக்கி, அதிகம் வருவதை ரோபோ செய்கிறது.

எண்களைப் புரிதலுக்காக நாமே வைத்துக்கொள்வோம். கொட்டிய பானத்துக்கு மொழி மாதிரி ‘ஸ்பாஞ்சை எடு’ என்பதற்கு 0.5 தருகிறது, ‘ஸ்பாஞ்சைத் தேடு’ என்பதற்கு 0.4, ‘ஆப்பிளை எடு’ என்பதற்கு 0.01. ஆனால் ரோபோவின் கண்முன் இப்போது ஸ்பாஞ்ச் இல்லை, ஆப்பிள்தான் இருக்கிறது. அதனால் மதிப்பீட்டாளர் அதே வரிசையில் 0.1, 0.9, 0.9 தருகிறது. பெருக்கினால் 0.05, 0.36, 0.009. ரோபோ முதலில் தேடப் போகிறது. ஸ்பாஞ்சின் முன்னால் போய் நின்றதும், செய்துமுடித்த செயலை உரையாடலோடு சேர்த்து எல்லா வரிகளுக்கும் மறுபடி மதிப்பெண் போடுகிறார்கள். இப்போது ‘ஸ்பாஞ்சை எடு’ வெல்லும். பிறகு ‘கொண்டுவந்து கொடு’, அதன்பின் ‘முடிந்தது’. முடிந்தது என்பதும் பட்டியலில் ஒரு வரிதான். அது வென்றால்தான் ரோபோ நிற்கும்.

101 கட்டளைகளை வைத்துச் சோதித்தார்கள். பயிற்சிச் சமையலறையில் 84 விழுக்காட்டில் திட்டம் சரியாக இருந்தது. 74 விழுக்காட்டில் வேலையும் முடிந்தது. இடையே உள்ள பத்துப் புள்ளிகள், சரியாக யோசித்தும் கை நழுவிய இடங்கள். மதிப்பீட்டாளரை நீக்கிவிட்டு மொழி மாதிரியை மட்டும் நம்பியபோது திட்டத்தின் வெற்றி 67 விழுக்காட்டுக்கு இறங்கியது.

எங்கே தடுமாறியது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. எதிர்மறைக் கட்டளை ஒன்று: ஆப்பிள் வேண்டாம், வேறு தின்பண்டம் கொண்டுவா என்றால், வாக்கியத்தில் ஆப்பிள் என்ற சொல் இருப்பதே அதன் மதிப்பெண்ணை ஏற்றிவிடக்கூடும். நீண்ட வேலைகளில் பாதியிலேயே ‘முடிந்தது’ வென்றுவிடுவது இன்னொன்று.

எனக்கு இவற்றைவிடக் கவலை தருவது வேறு. மதிப்பெண்களில் எப்போதும் ஏதாவது ஒன்று முதலிடத்தில் இருக்கும். எல்லாமே பொருந்தாதபோதும் குறைவாகப் பொருந்தாதது வெல்லும். ரோபோவும் எதையாவது செய்துவிடும். ‘எனக்குப் புரியவில்லை’, ‘இது என்னால் முடியாது’ ஆகிய இரண்டு வரிகளும் இல்லாத பட்டியலைப் பாதுகாப்பான பட்டியல் என்று சொல்ல முடியாது.

இதற்கு 2023இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் கூகுளும் சேர்ந்து செய்த ‘நோநோ’ ஆய்வு நல்ல பதில் தந்தது. மேசையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், ஓர் உலோகக் கிண்ணம். “கிண்ணத்தை மைக்ரோவேவில் வை” என்கிறார் பயனர். இங்கே ‘கிண்ணத்தை எடு’, ‘மைக்ரோவேவில் வை’ என்ற இரண்டு செயல்களும் தனித்தனியே தீங்கற்றவை. உலோகக் கிண்ணத்தோடு சேரும்போது தீப்பொறி பறக்கும்.

வாக்கியங்களுக்கு நேரடியாக மதிப்பெண் போட்டால் நீளமான வாக்கியம் வீணாகத் தோற்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிகழ்தகவைப் பெருக்குவதால் மொத்தம் குறைந்துவிடுகிறது. அதனால் இங்கே மாதிரியே நான்கு வாய்ப்புகளை எழுதித் தர, அவற்றுக்கு எழுத்துக் குறியிட்டு, ‘இவற்றில் எதுவும் இல்லை’ என்பதையும் ஐந்தாவதாகச் சேர்த்து, எந்த எழுத்து என்று மட்டும் கேட்கிறார்கள். முன்கூட்டியே விடை தெரிந்த சில நூறு சூழ்நிலைகளில், சரியான விடைக்கு மாதிரி எவ்வளவு மதிப்பெண் தருகிறது என்று பார்த்து ஓர் எல்லைக்கோடு வகுக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு மேலே ஒரே வாய்ப்பு நின்றால் ரோபோ செய்யும். ஒன்றுக்கு மேல் இருந்தால் ரோபோ நின்று, “எந்தக் கிண்ணம்?” என்று மனிதரிடம் கேட்கும். 85 விழுக்காடு வெற்றி வேண்டுமென்றால், அதற்கேற்ற கோட்டைப் புள்ளியியல் உறுதியோடு வகுக்கலாம். ஆனால் அந்த உறுதி, சோதித்த சூழ்நிலைகளைப் போன்ற சூழ்நிலைகளுக்கு மட்டுமே. அலுவலகச் சமையலறையில் வகுத்த கோட்டை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே புதிதாக வகுக்க வேண்டும்.

மாதிரியைக் கேட்டுக்கொள்வதால் மட்டும் காவல் கிடைக்காது என்பதற்கு 2024இல் சான்று வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மொழி மாதிரியால் இயங்கும் ஒரு ரோபோ நாய் உட்பட மூன்று அமைப்புகளை வெறும் பேச்சால் திசைதிருப்பி, தடைசெய்யப்பட்ட செயல்களுக்கு இணங்க வைத்தார்கள். பட்டியலைக் காக்கும் சோதனை, மாதிரிக்கு வெளியே சாதாரண நிரலில் இருக்க வேண்டும். கையில் இருப்பது உலோகமா, மைக்ரோவேவ் அருகில் இருக்கிறோமா என்று ஒவ்வொரு செயலுக்கும் முன்னால் அது பார்க்க வேண்டும். அதை யாராலும் பேசி மயக்க முடியாது.

வீட்டுக்கோ முதியோர் இல்லத்துக்கோ பேச்சால் இயங்கும் ரோபோவை வாங்குபவர்கள் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதன் செயல் பட்டியலை முழுவதும் காட்ட முடியுமா? சந்தேகம் வந்தால் இது கேட்குமா, ஊகிக்குமா? ‘நிறுத்து’ என்ற கட்டளை மொழி மாதிரி வழியாகப் போகிறதா? மூன்றாவதற்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால் வாங்காதீர்கள். நிறுத்துவதற்கு மோட்டாரின் மின்சாரத்தை நேராகத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் வேண்டும். அதற்கு யாருடைய மதிப்பெண்ணும் தேவையில்லை.