பழைய வாகன விற்பனையகத்திற்குப் பெயரிடுதல்

திருப்பூர் வட்டாரத்தில் பழைய இருசக்கர வாகனங்களையும் கார்களையும் வாங்கி விற்கும் கடைகள் பரவலாக 'ஆட்டோ கன்சல்டிங்' என்று அழைக்கப்படுகின்றன. ஆலோசனை என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள் என்றாலும், அதைக் கேட்டவுடன் 'பழைய வண்டிக் கடை' என்றே மக்கள் புரிந்துகொள்கின்றனர். இத்தகைய கடையின் பெயர், வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே வாங்குபவரின் மனத்தில் நம்பிக்கையையோ ஐயத்தையோ உண்டாக்கிவிடுகிறது.

பெயருக்கு ஏன் இவ்வளவு எடை?

பழைய வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதையே ஆராய்ந்தது. 2001-இல் அவர் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த ஐயத்தைக் குறைக்கும் வழிகளில் ஒன்றாக அவர் வணிகப் பெயரைக் குறிப்பிட்டார். பொருள் மோசமாக இருந்தால் வாங்கியவர் அந்தப் பெயரைத் தண்டிக்க முடியும். அடுத்த முறை அங்கே போகமாட்டார், பிறரையும் போகவிடமாட்டார். ஆகவே விற்பவர் எதை இழக்க நேரிடும் என்பதைக் காட்டும் பெயரே நம்பிக்கை தரும். நல்ல பொருளுடைய சொல் மட்டும் போதாது.

'சத்தியம்', 'நேர்மை', 'டிரஸ்ட்' போன்ற சொற்களை எவரும் பலகையில் எழுதிவிடலாம் என்பதால், அவை தனியே நின்றால் எதையும் மெய்ப்பிப்பதில்லை. மாருதி சுசுகியின் 'ட்ரூ வேல்யூ', டொயோட்டாவின் 'யூ டிரஸ்ட்', ஹூண்டாயின் 'எச் பிராமிஸ்' ஆகியவையும் இத்தகைய சொற்களே. ஆனால் அவற்றின் பின்னால் வண்டி தயாரித்த நிறுவனமே நிற்கிறது. சிறிய கடை அவற்றைப் போல ஒலிக்கும் பெயரை வைத்தால் போலி என்ற எண்ணம் வரும். வணிகக்குறி வழக்கும் வரலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

பல்லடம் சாலையில் கடை திறக்கவிருக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவர் சில ஆண்டுகள் தரகராக இருந்தவர். பனியன் கம்பெனிகளில் அவரைச் 'செந்தில்' என்று அறிவார்கள். அவர் முன் மூன்று பெயர்கள் உள்ளன: 'ட்ரூ டிரஸ்ட் கார்ஸ்', 'ஸ்ரீ முருகன் ஆட்டோஸ்', 'செந்தில் ஆட்டோ கன்சல்டிங்'.

முதற்பெயரின் குறை மேலே சொல்லப்பட்டது. இரண்டாவது மங்கலமானது. ஆனால் சிவன்மலையும் பழனியும் அருகிலுள்ள இப்பகுதியில் முருகன் பெயரில் கடைகள் பல உண்டு. ஒருவர் செய்த தவறு மற்றவர் தலையில் விழும், நற்பெயரும் அவ்வாறே சிதறும். 'ஆட்டோஸ்' என்றால் உதிரிபாகக் கடையா, பழுது பார்க்கும் பட்டறையா என்ற குழப்பமும் வரும். மூன்றாவதில் பொறுப்பேற்பவர் யார், தொழில் என்ன என்ற இரண்டும் தெரிகின்றன. நிட்டிங் இயந்திரங்களின் இரைச்சலுக்கிடையே தொலைபேசியில் சொன்னாலும் அது பிடிபடும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்து வேலை செய்பவர்களும் அதை எளிதில் உச்சரிப்பார்கள். தீபாவளி போனஸ் பணத்தில் முதல் வண்டி வாங்குவோரில் அவர்களும் உண்டு.

ஆனால் செந்தில் என்பதும் பரவலான பெயர்தான். அதே ஊரில் அதே பெயரில் வேறு கன்சல்டிங் இருக்கிறதா என்று விசாரித்து, வணிகக்குறிப் பதிவகத்தின் தேடல் பக்கத்திலும் பார்க்க வேண்டும். இருந்தால் தந்தையின் முதலெழுத்தையோ ஊர்ப்பெயரையோ சேர்ப்பது வழக்கம். சாலைப் பெயரைச் சேர்ப்பதில் ஓர் இடர் உண்டு: கடை அவிநாசி சாலைக்கு மாறினால் பெயர் பொய்யாகிவிடும்.

பலகையும் ஆவணமும்

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றின் அளவு 5:3:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும். எனவே ஆங்கில எழுத்தில் மட்டும் அழகாகத் தோன்றும் பெயர் இங்கு உதவாது.

பதிவு செய்யப்பட்ட வண்டிகளை வாங்கி விற்பவர்களுக்கான அங்கீகாரச் சான்று 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அது ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். பலகையிலும் இந்தச் சான்றிலும் ரசீதிலும் ஒரே பெயர் இருப்பது முக்கியம். பலகையில் ஒரு பெயர், ரசீதில் வேறொரு பெயர் என்றால், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றம் தாமதமாகும்போது யாரைக் கேட்பது என்ற கவலை வாங்கியவருக்கு எழும். விவரமறிந்தவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் இதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

பழமையைக் காட்ட ஆண்டைச் சேர்ப்பவர்களும் உண்டு. கடை தொடங்கிய உண்மையான ஆண்டாக இருந்தால் அது பயனுள்ளது. தந்தை வேறு தொழில் தொடங்கிய ஆண்டைப் போடுவது வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும். தவறான விளம்பரங்கள் மீது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்க முடியும். புதிய கடைக்கு ஆண்டே தேவையில்லை. பெயரை மாற்றாமல் ஒரே இடத்தில் இருப்பதையே அக்கம்பக்கத்தினர் பழமையாகக் கொள்வர். பெயரை மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய பெயரையும் சில காலம் புதுப்பலகையின் அடியில் சிறிதாக எழுதி வைக்கலாம்.