கஞ்சித் தண்ணீரில் எவ்வளவு உப்பு?

1971 வங்கதேசப் போரின்போது, எல்லையோர போங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்து, குடிக்க வைக்கச் சொன்னார். 20 முதல் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகிறது. பின்னாலேயே தண்ணீரும் போகிறது. வயிற்றுப்போக்கின்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. கஞ்சியின் மாவுச்சத்து செரித்துக் குளுக்கோஸ் ஆவதால், உப்புக் கஞ்சிக்கும் இந்த வேலை தெரியும். சிக்கல் உப்பில்தான். ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய அரை டீஸ்பூன் போதும். ருசிக்காக அள்ளிப் போட்டால், குழந்தைக்கு அதுவே ஆபத்து. கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது. கஞ்சியில் பொட்டாசியம் குறைவு என்பதால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் அதுவே மேல்.

இரண்டு வயதுக் குழந்தை குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் கொடுக்க வேண்டும். டம்ளரோடு கொடுத்தால் மறுபடி வெளியே வந்துவிடும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சோடா, பாக்கெட் ஜூஸ் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள சர்க்கரை போக்கை இன்னும் கூட்டும்.

வெறும் காய்ச்சல் என்றால் கஞ்சி அதைக் குறைக்காது, வியர்வையில் போன நீரை ஈடுகட்டும், அவ்வளவுதான். கண் குழிவிழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, எழுப்பினாலும் துவண்டு விழுந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வழியிலும் ஸ்பூனை நிறுத்தாமல்.