விற்பனையில் பங்கு கேட்கும் வாடகை

மல்லாவியில் பலசரக்குக் கடை போடவிருந்த ஓர் அக்கா, கையெழுத்து வைப்பதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தின் நகலை என்னிடம் கொண்டு வந்தார்.

"மிஸ், மாதம் பத்தாயிரம்தான். அதோட விக்கிறதில 5 வீதமாம். அது பெரிய காசே?"

நாங்கள் இருவரும் ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தோம். மற்றச் செலவுகள் போக, 100 ரூபா வியாபாரத்தில் தனக்கு 8 ரூபாதான் மிஞ்சும் என்றார் அக்கா. மாதம் 300,000 ரூபாவுக்கு விற்றால் மிஞ்சுவது 24,000. விற்பனையில் 5 வீதம் 15,000. அடிப்படை வாடகையையும் சேர்த்தால் 25,000. மாதம் முழுக்க நின்று உழைத்த பின்னும் ஆயிரம் ரூபா நட்டம்! 400,000 ரூபாவுக்கு விற்றாலும் அவர் கையில் நிற்பது 2,000 ரூபா மட்டுமே.

சகோதரிகளே, இங்கே கேட்கப்படுவது இலாபத்தில் 5 வீதம் அல்ல, விற்பனையில் 5 வீதம். 8 ரூபாவில் 5 ரூபா போய்விடுகிறது.

இது 1930களின் பொருளாதார வீழ்ச்சியின்போது அமெரிக்காவில் பரவிய முறை. வியாபாரம் படுத்தால் வாடகை குறையும், எழும்பினால் கூடும் என்பதே அதன் நோக்கம். ஆகவே பெரிய கடைத்தொகுதிகளில் பொதுவாக ஓர் எல்லை வைப்பார்கள். விற்பனை அந்த எல்லையைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டுமே வீதம் கட்ட வேண்டும். அக்காவின் ஒப்பந்தத்தில் அந்த எல்லை இல்லை. முதல் ரூபாவிலிருந்தே பங்கு எழுதப்பட்டிருந்தது.

'விற்பனை' என்றால் எது என்பதும் எழுதப்படவில்லை. தொலைபேசி ரீலோட்டில் கடைக்காரருக்குக் கிடைப்பது சிறு கழிவு மட்டுமே. முழுத் தொகையையும் விற்பனையாக எடுத்தால் கழிவை விட வாடகை கூடிவிடலாம். கடன் கொப்பியில் எழுதிக் கொடுத்த சாமானுக்கும், காசு வருமுன்பே பங்கு கட்ட நேரும்.

அக்கா உரிமையாளருடன் பேசினார். 500,000 ரூபாவுக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் 2 வீதம் என்று முடிவாயிற்று. ரீலோட் கணக்கில் சேராது. கடன், காசு வந்த பிறகே சேரும். எல்லையை மாதாமாதம் பாராமல் ஆண்டுக்கு 6,000,000 ரூபாவாகப் பார்ப்பதென்றும் எழுதினார்கள். அறுவடைக் காலத்தில் கூடும் வியாபாரம், மந்தமான மாதங்களை ஈடு செய்யட்டும் என்பதற்காகவே இது.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்படாவிட்டால் சட்டப்படி செல்லாது. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதனால் வாய்ப்பேச்சோடு நில்லாமல் அக்கா அதையும் செய்து முடித்தார்.

அந்தக் கணக்குக் கொப்பி இப்போது கடை மேசையில் கிடக்கிறது. ஒவ்வொரு நாள் விற்பனையையும் அவர் அதில் எழுதி வருகிறார்.