"எங்க போகணும் சார்?" - புக் செய்த பிறகும் ஆட்டோ டிரைவர் கேட்பது ஏன்?

ஆப்பில் ஆட்டோ புக் செய்கிறோம். 'டிரைவர் வந்துகொண்டிருக்கிறார்' என்று திரையில் தெரிகிறது. அடுத்த நிமிடமே போன். "எங்க போகணும் சார்? கேஷா, ஆன்லைனா?" பதில் சொன்னதும் சவாரி கேன்சல்!

கோபம் டிரைவர் மீது திரும்பும். ஆனால், சவாரியைப் பிரித்துக் கொடுக்கும் முறைக்கும் இதில் பங்கு இருக்கிறது. அதில் இரண்டு வகை உண்டு. பட்டியலைப் பார்த்து டிரைவரே சவாரியை எடுப்பது 'புல்'. இன்னாருக்கு இந்தச் சவாரி என்று ஆப்பே ஒதுக்குவது 'புஷ்'.

ஓர் உதாரணம்

தி.நகரில் ஒரு பெண் தாம்பரம் போகக் காத்திருக்கிறார். அசோக் நகர் மருத்துவமனை வாசலில் ஒரு பெரியவர், பக்கத்தில் இருக்கும் வடபழனிக்குப் போக வேண்டும். அருகே இரண்டு ஆட்டோக்கள். முதல் ஆட்டோ தி.நகருக்கு 2 நிமிடத்திலும், அசோக் நகருக்கு 5 நிமிடத்திலும் போய்விடும். இரண்டாவது ஆட்டோவுக்கு முறையே 4, 10 நிமிடங்கள் ஆகும்.

டிரைவரே எடுக்கலாம் என்றால், முதல் ஆட்டோ தாம்பரம் சவாரியைத் தட்டிவிடும். தூரமும் அதிகம், காசும் அதிகம். பெரியவர் இரண்டாவது ஆட்டோவுக்காக 10 நிமிடம் நிற்க வேண்டும். சின்னச் சவாரிக்கு அவ்வளவு தூரம் வர அந்த டிரைவருக்கு மனம் வராவிட்டால், அவர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஆப் ஒதுக்கினால் கதை மாறும். முதல் ஆட்டோ பெரியவருக்கு, இரண்டாவது ஆட்டோ அந்தப் பெண்ணுக்கு. அவர் கூடுதலாகக் காத்திருப்பது 2 நிமிடம்தான். பெரியவருக்கு 5 நிமிடம் மிச்சம்.

அப்படியானால் கேன்சல் ஏன்?

ஆப்புக்கு வரைபடம் தெரியும்; டிரைவரின் நிலைமை தெரியாது. கேஸ் தீரப்போகிறது, பிள்ளையை ஸ்கூலில் இருந்து அழைத்துவர வேண்டும், போகும் இடத்திலிருந்து திரும்பச் சவாரி கிடைக்காது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். போகும் இடத்தை மறைத்துச் சவாரியைக் கொடுத்தால், ஏற்றுக்கொண்ட பிறகு போனில் விசாரித்து கேன்சல் செய்கிறார். முன்வாசலில் மறுக்கப்பட்ட விருப்பம் பின்வாசல் வழியாக வருகிறது. அதற்குள் பயணியின் நேரம் போய்விடுகிறது.

எந்த முறையில் கோளாறு என்று கண்டுபிடிப்பது சுலபம். யாருமே எடுக்காமல் சின்னச் சவாரிகள் தேங்கினால் அது 'புல்' முறையின் நோய். எடுத்த பிறகு கேன்சல் பெருகினால் அது 'புஷ்' முறையின் நோய்.

நடுவழி

2022-ல் ஊபர் நிறுவனம் இந்தியாவில், ஏற்கும் முன்பே போகும் இடத்தை டிரைவருக்குக் காட்டத் தொடங்கியது. அதே ஆண்டு பெங்களூரில் வந்த 'நம்ம யாத்ரி' ஆப்பில், போகும் இடத்தையும் கட்டணத்தையும் பார்த்து டிரைவர்களே சவாரியைத் தேர்ந்தெடுக்கலாம்.

இதனால் ஏமாற்றிக் கேன்சல் செய்யும் தேவை குறைகிறது. ஆனால், அசோக் நகர் பெரியவரின் சின்னச் சவாரியை யார் எடுப்பது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அவரை ஏற்றிக்கொள்வது டிரைவருக்கும் கட்டுப்படியாக வேண்டும். அதற்குக் குறைந்தபட்சக் கட்டணமும், ஆட்டோ அவரிடம் வந்து சேரும் தூரத்துக்கான காசும் சரியாக இருக்க வேண்டும்.