அந்தப் பிடி எங்கே இருக்கிறது?

இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஊர்க் கபடிப் போட்டி பெரும்பாலும் விடிகிற நேரத்தில்தான் முடியும். திடலின் ஓரத்தில் பரண் கட்டி, அதன்மேல் ஒரு கேமராவை நிறுத்தி, யூடியூபில் லைவ் ஓட்டுகிறவர்கள் இன்று பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். கோப்பையைக் கொடுத்து மைக்கை அணைத்த கையோடு அவர்களுக்கு அடுத்த வேலை வந்துவிடும். "அண்ணே, ரெண்டாவது மேட்ச்ல நான் போட்ட பிடியை மட்டும் வெட்டி அனுப்புங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டு ஒரு பையன் வந்து நிற்பான். ஒன்பது மணி நேர வீடியோவுக்குள் அவனுடைய அரை நிமிடத்தைத் தேடி எடுக்க வேண்டும்.

இந்தத் தேடலைக் கணினியிடம் விடலாம். கணினிக்குக் கபடி தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. சத்தம் எப்போது கூடியது, சாட்டில் எப்போது கமெண்ட் குவிந்தது, படத்தில் எப்போது அசைவு மிகுந்தது என்று மூன்றை மட்டும் அது அளக்கிறது. அளப்பது எளிது. அளந்ததை எந்த அளவுக்கு நம்புவது என்பதில்தான் வேலை முழுக்க இருக்கிறது.

முதலில் சத்தம். 2000-ஆம் ஆண்டிலேயே மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த யோங் ரூய், அனூப் குப்தா, அலெக்ஸ் அசெரோ மூவரும் தொலைக்காட்சி பேஸ்பால் ஆட்டங்களின் முக்கியத் தருணங்களை ஒலியை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முயன்றார்கள். மட்டையில் பந்து படும் ஓசை, வர்ணனையாளரின் குரலில் ஏறும் பரபரப்பு ஆகிய இரண்டையும் அவர்களுடைய நிரல் தேடியது. படத்தை அலசுவதைவிட ஒலியை அலசுவதற்கு மிகக் குறைந்த கணினித்திறன் போதும் என்பதால் அந்த வழியைத் தேர்ந்தார்கள். அந்தக் காரணம் இன்றும் மாறவில்லை. சாதாரண மடிக்கணினியில் இலவச மென்பொருளான எஃப்எஃப்எம்பெக் இருந்தால் இந்த ஒரு வரி போதும்:

```
ffmpeg -i kabaddi.mp4 -af ebur128 -f null -
```

இது வீடியோ நெடுகிலும் 0.4 நொடி அளவுள்ள துண்டுகளின் ஒலி வலிமையை `M:` என்ற பெயரில் திரையில் எழுதிக்கொண்டே போகும். எண்கள் டெசிபல் கணக்கில், கழித்தல் குறியோடு வரும். சுழியை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்.

இங்கேதான் முதல் தவறு நேர்கிறது. 'மைனஸ் 15-ஐத் தாண்டினால் ஹைலைட்' என்று ஒரு கோடு போட்டுவிடத் தோன்றும். எட்டு மணிக்குக் கூட்டம் குறைவு. அந்தக் கோட்டை ஒரு கைத்தட்டல்கூடத் தொடாது. பதினொரு மணிக்குத் திடல் நிறைந்திருக்கும். அப்போது சும்மா பேசும் இரைச்சலே கோட்டுக்கு மேலே போய்விடும். ஆகவே ஒவ்வொரு கணத்தையும் அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அதற்குச் சராசரியைவிட இடைநிலை எண் நல்லது. எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுப்பதால், இடையில் வரும் ஒரு பெரும் ஆரவாரம் அதை அசைக்காது.

ஒரு ரெய்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முந்தைய ஐந்து நிமிடத்தின் இடைநிலை மைனஸ் 24. வழக்கமான ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 3 டெசிபல். ரெய்டின் முடிவில் சத்தம் மைனஸ் 12-க்கு ஏறுகிறது. உயர்வு 12 டெசிபல், அதாவது ஒலி அலையின் வீச்சு நான்கு மடங்காகியிருக்கிறது. 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4. வழக்கமான அலைவைப் போல நான்கு பங்கு உயர்ந்திருக்கிறது என்பது இதன் பொருள். மைனஸ் 12 என்ற எண் தனியாக எதையும் சொல்லாது. இந்த 4 சொல்லும்.

ஆனால் ஊர்த் திடலில் நான்கு பங்கு உயர்வு பல காரணங்களால் வரும். யாராவது வெடி போடுவார்கள். இடைவேளையில் சினிமாப் பாட்டு அலறும். நன்கொடையாளர் பெயர்களை வர்ணனையாளர் உச்சக்குரலில் வாசிப்பார். இவற்றைப் பிரித்தறிய உயரத்தைவிட வடிவம் உதவும். வெடி அரை நொடியில் எழுந்து அடங்கிவிடும். பாட்டு ஏறினால் ஏறினபடியே மூன்று நான்கு நிமிடம் நிற்கும். மனிதக் கூட்டத்தின் ஆரவாரம் ஒரு நொடியில் செங்குத்தாக எழும். பிறகு ஐந்தாறு நொடி எடுத்துக்கொண்டு மெல்லச் சரியும். ஒரு நொடிக்குக் குறைந்ததையும் இருபது நொடியைத் தாண்டியதையும் தள்ளிவிட்டாலே பொய்ச் சாட்சிகளில் பெரும்பகுதி போய்விடும். பெயர் வாசிப்பு மட்டும் இந்தச் சல்லடையில் தப்பிவரும். அதற்கு மற்ற இரண்டு சாட்சிகள் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல கேமராக்களும் செல்போன்களும் ஒலியளவைத் தாங்களாகவே சமன்செய்யும். சத்தம் கூடினால் குறைக்கும், குறைந்தால் கூட்டும். அப்படிப்பட்ட பதிவில் பெரிய ஆரவாரம்கூட 4 டெசிபல் மேடாகச் சுருங்கிவிடும். அதை ஒரு அடையாளத்தால் கண்டுகொள்ளலாம். ஆரவாரம் முடிந்த உடனே சத்தம் வழக்கத்துக்கும் கீழே ஒரு பள்ளத்தில் விழுந்து, சில நொடியில் மெல்ல மேலேறும். அந்தப் பள்ளம் ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னும் தெரிந்தால் கேமராவின் அமைப்பில் தானியங்கி ஒலியளவை அணைத்துவிட வேண்டும். பதிவான பிறகு இதற்கு முழுத் தீர்வு கிடையாது.

அடுத்தது சாட். லைவ் பார்ப்பவர்களில் பலர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள்; அவர்களுடைய கைத்தட்டல் எழுத்தாகத்தான் வரும். எத்தனை கமெண்ட் வந்தது என்று எண்ணுவதைவிட எத்தனை பேர் போட்டார்கள் என்று எண்ணுவது மேல். ஒரே ஆள் தன் ஊர்ப் பெயரை முப்பது முறை ஒட்டிக்கொண்டிருப்பார். அவரை ஒன்றாக எண்ணினால் அந்தப் பொய் மேடு மறைந்துவிடும். பத்து நொடிக்கு ஆறு பேர் என்று ஓடிக்கொண்டிருந்த சாட்டில் திடீரென்று முப்பது பேர் எழுதினால் அது நல்ல சாட்சி. ஒரே ஒருவர் எழுதிக்கொண்டிருந்த இடத்தில் நான்கு பேர் எழுதினால் அது ஒன்றுமில்லை. அந்த அளவு தற்செயலாகவே நேரும். பார்வையாளர் குறைந்த நேரத்தில் சாட்டின் சொல்லுக்கு எடை குறைய வேண்டும்.

என்ன எழுதுகிறார்கள் என்பதும் உதவும். 2017-இல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' விளையாட்டின் நேரலைகளை ஆராய்ந்தார்கள். வட அமெரிக்கப் போட்டிகளின் ஆங்கிலச் சாட்டையும் தைவான் போட்டிகளின் சீனச் சாட்டையும் படத்தோடு சேர்த்து ஹைலைட்ஸ் கண்டார்கள். சாட்டைச் சொல் சொல்லாகப் படிக்காமல் எழுத்து எழுத்தாகப் படித்தார்கள். நேரலைச் சாட்டில் எந்த அகராதியும் நிற்காது என்பதை நம் சாட்டைப் பார்த்தாலே புரியும். 'செம'வுக்குள் எத்தனை 'ம' வரும் என்று யார் சொல்ல முடியும்? எழுத்து நீள்வதே உணர்ச்சியின் அளவு.

சாட்டின் பெரிய குறை நேரம். திடலில் நடப்பது பார்ப்பவர் திரைக்குப் போய்ச்சேரச் சில நொடி முதல் அரை நிமிடம் வரை ஆகும். பிறகு அவர் வியந்து, தட்டச்சு செய்து, அனுப்ப வேண்டும். ஒவ்வொருவருக்கும் தாமதம் வேறு என்பதால் சாட்டின் மேடு கூராக இராது. அகலமாகப் பரவிக் கிடக்கும். அந்த மேட்டின் உச்சியை நம்பி வெட்டினால் பிடி முடிந்து ஆட்டக்காரர்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு திரும்பும் காட்சிதான் கிடைக்கும்.

இதற்கு அழகான ஒரு வழி இருக்கிறது. ஒரு ஆட்டம் முழுவதற்கும் சத்தத்தின் வளைகோட்டையும் சாட்டின் வளைகோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். சாட்டை ஒரு நொடி பின்னுக்கு இழுங்கள், பிறகு இரண்டு நொடி, மூன்று நொடி என்று நாற்பது வரை. ஒவ்வொரு முறையும் இரண்டும் எவ்வளவு பொருந்துகின்றன என்று கணக்கிடுங்கள். ஓரிடத்தில் பொருத்தம் உச்சத்துக்குப் போகும். அது 21 நொடி என்றால் அன்றைய லைவின் தாமதம் ஏறத்தாழ 21 நொடி. யாரையும் கேட்காமல் அந்தப் பதிவே தன் தாமதத்தைச் சொல்லிவிடும். இணைப்பு அறுந்து மீண்டும் லைவ் தொடங்கினால் தாமதம் மாறக்கூடும். அங்கே கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

மூன்றாவது அசைவு. படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, நிறத்தை நீக்கி, நொடிக்கு ஐந்து படம் எடுத்து, அடுத்தடுத்த படங்களுக்கு இடையே புள்ளிகள் எவ்வளவு மாறின என்று கூட்டினால் போதும். தனியாக வைத்துப் பார்த்தால் இதுவே மூன்றில் பலவீனமான சாட்சி. கேமராவைத் திருப்பினாலும் படம் முழுக்க மாறும். ஆட்டம் முடிந்து சிறுவர்கள் களத்துக்குள் ஓடினாலும் மாறும். ஆனால் வெட்டும் இடத்தை இது துல்லியமாகச் சொல்லும். கபடியில் ஒரு ரெய்டுக்கு அதிகபட்சம் 30 நொடி. கோட்டைத் தாண்டும்போது அசைவு சிறிதாகத் தொடங்கி, பிடியில் ஆட்கள் மேலே மேலே விழும்போது குவிந்து, விசில் ஊதியதும் சட்டென்று அடங்கும்.

மூன்றையும் சேர்த்துப் பார்ப்போம். நாம் கணக்குப் போட்ட ரெய்டின் ஆரவாரம் 1 மணி 12 நிமிடம் 59-ஆவது நொடியில் எழுகிறது. சாட்டின் உச்சி 1:13:20-இல். 21 நொடியைக் கழித்தால் அதே 1:12:59. இரண்டு சாட்சிகள் ஒத்துப்போகின்றன. அங்கிருந்து அசைவு வளைகோட்டில் பின்னோக்கிப் போனால் 1:12:40-இல் ரெய்டு தொடங்கிய சிறு மேடு தெரிகிறது, 1:13:04-இல் அடங்குகிறது. முன்னும் பின்னும் சில நொடி விட்டு 1:12:36 முதல் 1:13:09 வரை வெட்டினால் பையனின் பிடி முழுதாக வந்துவிடும். நன்கொடையாளர் பெயர் வாசிப்பில் சத்தம் மட்டும் ஏறியிருக்கும், சாட் அமைதியாக இருக்கும், அது விழுந்துவிடும். லைவ் ஓடும்போதே வெட்ட வேண்டுமானால் கடைசி ஒன்றரை நிமிட வீடியோவை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, சாட் வந்துசேரும்வரை பொறுத்து முடிவெடுக்க வேண்டும்.

இது எவ்வளவு சரி என்று அறிய ஒரே ஒரு வழிதான். கபடி தெரிந்த ஒருவர் ஒரு ஆட்டத்தை முழுக்கப் பார்த்து, நல்ல தருணங்களைக் கையால் குறிக்க வேண்டும். அவர் 12 குறித்து, கணினி 15 எடுத்து, இரண்டிலும் 9 பொதுவாக இருந்தால், ஆறு வீண், மூன்று விடுபட்டவை. வீண் ஆறைச் சில நிமிடத்தில் அழித்துவிடலாம். விடுபட்ட மூன்றைத்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் அவை சத்தமில்லாமல் நடந்தவையாக இருக்கும். 2025 ஜூனில் நார்வே செஸ் போட்டியில் குகேஷிடம் தோற்ற கார்ல்சன் மேசையைக் குத்தினாரே, அதை எந்த ஒலிமானியும் பிடிக்கும். ஆட்டத்தைத் திருப்பியது அதற்கு முன்பு அவர் குதிரையைத் தவறாக வைத்த நகர்வு. அதில் ஓசையே இல்லை. கபடியிலும் இப்படித்தான். களத்தில் மூன்றே பேர் மிச்சமிருக்கும் வெளியூர் அணி, உள்ளூரின் சிறந்த ரெய்டரை மடக்கிவிடுகிறது. சூப்பர் டேக்கிள், கூடுதலாக ஒரு புள்ளி. திடல் அப்படியே வாயடைத்துப் போகிறது. சத்தத்தின் வளைகோடு ஏறுவதற்குப் பதிலாக இறங்குகிறது. ஆகவே இறக்கத்தையும் மேட்டைப் போலவே கணக்கில் எடுத்து, வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று மட்டும் பார்க்கும்படி நிரலை மாற்ற வேண்டும். அப்போதும் அந்தப் பிடிக்கு உறுதியான சாட்சி, 21 நொடி கழித்து எங்கோ தூரத்தில் இருக்கும் அந்த அணியின் ஊர்க்காரர்கள் சாட்டில் தட்டும் பத்துப் பதினைந்து வரிகள்தான்.