படம் மாறவில்லை என்பதற்கு அத்தாட்சி

பக்கத்து வீட்டுக்காரர் சுற்றுச்சுவரை இரண்டடி தள்ளிக் கட்டிவிட்டார் என்று ஒரு வழக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய சுவர் நின்ற இடம் தெரிவது, செல்போனில் எடுத்த ஒரே ஒரு படத்தில்தான். எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? ‘எடிட் செய்த படம்’ என்றுதான் ஆரம்பிக்கும்.

இதற்குள் பெரும்பாலோர் அந்தப் படத்தை வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். வழக்கமான முறையில் அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த நேரம், கேமரா மாடல் போன்ற உள்விவரங்களும் உதிர்ந்துவிடும். கண்ணுக்கு அதே படம்தான். ஆனால் வழக்குக்கு வேண்டியது போனில் இருக்கும் முதல் கோப்பு. அதை வெட்டவோ திருப்பவோ கூடாது. கேபிள் போட்டுக் கணினிக்கு நகல் எடுக்கலாம். ஐபோன் என்றால் கவனம் தேவை: நகலெடுக்கும்போது படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றித் தரும் வசதி அதில் உண்டு, அசலை அப்படியே தரும்படி முதலில் செட்டிங்ஸில் மாற்ற வேண்டும்.

அடுத்து ஹாஷ். கோப்பு முழுவதையும் கணக்கிட்டு வரும் ஓர் எண்ணெழுத்துத் தொடர் அது. விண்டோஸில் இப்படி எடுக்கலாம்:

```
certutil -hashfile IMG_0412.jpg SHA256
```

64 எழுத்துகள் வரும். கோப்பின் பெயரை மாற்றினாலும் இது மாறாது; உள்ளே ஒரு புள்ளியின் நிறம் மாறினால் அடியோடு வேறாகிவிடும். ஒரு நகலை உறையில் இட்டு முத்திரை வைத்துவிட்டு, பெரிதாக்கிப் பார்ப்பது, பிரிண்ட் எடுப்பது எல்லாவற்றையும் இன்னொரு நகலில் செய்ய வேண்டும். உறை யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் போனது என்று ஒவ்வொரு கைமாற்றத்தையும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இடையில் ஒரு வாரம் உறை யாரிடம் இருந்தது என்று தெரியாவிட்டால், குறுக்கு விசாரணை அங்கேயே போய் நிற்கும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு, இத்தகைய மின்னணுச் சான்றுடன் ஒரு சான்றிதழையும் கேட்கிறது. அதில் இரண்டு பகுதிகள்: ஒன்றைத் தாக்கல் செய்பவரும், மற்றதை நிபுணரும் நிரப்ப வேண்டும். ஹாஷ் மதிப்பும் அதை எடுத்த முறையும் இரண்டிலும் இடம்பெறும். MD5, SHA1 ஆகியவையும் படிவத்தில் உள்ளன. ஆனால் ஒரே ஹாஷ் வரும்படி இரு வேறு கோப்புகளை உருவாக்கலாம் என்று அவ்விரண்டிலும் காட்டிவிட்டார்கள். SHA256 போடுவதே என் கட்சி.

ஹாஷ் எதைச் சொல்லாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். படம் உண்மையானதா என்று அது சொல்லாது. ஹாஷ் எடுத்த நொடியிலிருந்து கோப்பு மாறவில்லை என்று மட்டுமே சொல்லும். மார்ச்சில் எடுத்த படத்துக்கு நவம்பரில் ஹாஷ் எடுத்தால், நடுவில் உள்ள எட்டு மாதத்துக்கு அது காவல் இல்லை. அந்த இடைவெளிக்குப் பதில் சொல்லக்கூடியது படம் எடுத்த போன்தான். நிபுணர் கேட்டால் கொடுக்க, அதை ரீசெட் செய்யாமலும் எக்ஸ்சேஞ்சில் போடாமலும் வழக்கு முடியும்வரை வைத்திருக்க வேண்டியிருக்கும்.