சட்டை பேசும், டேக் காட்டிக்கொடுக்கும்: கிரிக்கெட் ஜெர்சியின் அசலும் நகலும்

வெள்ளிமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் மூன்று படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். நீல நிற இந்திய கிரிக்கெட் ஜெர்சி. முதல் படம் நெஞ்சில் இருக்கும் சின்னம், இரண்டாவது துணி, மூன்றாவது உள்பக்க டேக். கூடவே ஒரு குரல் பதிவு: "அண்ணா, கள்ளக்குறிச்சியில ஒருத்தர் விக்கிறாரு. 2023 உலகக் கோப்பையில வீரர்கள் போட்ட அதே ஒரிஜினலாம். ஆயிரத்து எண்ணூறு சொல்றாரு. வாங்கலாமா?"

அந்த மூன்று படங்களை வைத்து எவ்வளவு தூரம் முடிவு சொல்ல முடியும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கல்வராயன் மலையிலும் கள்ளக்குறிச்சியிலும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனால் பாதிப் பேர் ஏதாவது ஒரு அணியின் ஜெர்சியில்தான் நிற்கிறார்கள். அதில் எது எந்த வகை என்று கேட்டால் பெரும்பாலும் "ஒரிஜினல்தான்" என்றே பதில் வரும்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கடைத்தெருவில் 'ரெப்ளிக்கா' என்றால் போலி என்று நினைக்கிறோம். தயாரிப்பாளர்கள் அந்தச் சொல்லை வேறு பொருளில் பயன்படுத்துகிறார்கள். அதிகாரபூர்வ ஜெர்சியிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆட்டக்காரர் போடும் தரத்தில் வரும் சட்டை. இன்னொன்று, ரசிகர்களுக்காக அதே நிறுவனம் சற்று மலிவான துணியில் செய்யும் சட்டை. இந்த இரண்டாவதைத்தான் நிறுவனங்கள் ரெப்ளிக்கா என்கின்றன. அதுவும் உரிமம் பெற்ற சரக்குதான். மூன்றாவதாக, உரிமமே இல்லாமல் சின்னத்தைப் பதித்து விற்பது இருக்கிறது. கடைக்காரர்கள் 'ஃபர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி' என்று எந்தப் பெயர் வைத்தாலும் அது போலி. ஆகவே கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: இது உரிமம் பெற்றதா, இல்லையா? பெற்றது என்றால், ஆட்டக்காரர் வகையா, ரசிகர் வகையா?

படங்களைப் பார்க்கும்போது நான் முதலில் தையலைத் தேடுவதில்லை. அந்தச் சட்டை எந்த வருடத்தையும் எந்தத் தொடரையும் சொல்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். இந்திய அணியின் ஜெர்சிக்கு இது ரொம்ப வசதி, ஏனென்றால் நெஞ்சில் இருக்கும் விளம்பரதாரர் பெயர் அடிக்கடி மாறியிருக்கிறது. 2017 முதல் 2019 வரை ஓப்போ. 2019 செப்டம்பரிலிருந்து 2023 மார்ச் வரை பைஜூஸ். 2023 ஜூலையில் ட்ரீம்11 வந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் வந்ததும் அது விலகியது. அடுத்த மாதம் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணி விளம்பரதாரர் பெயரே இல்லாத சட்டையில் ஆடியது. பிறகு அப்பல்லோ டயர்ஸ் வந்தது. சட்டை தயாரிப்பாளரும் இப்படி மாறியிருக்கிறார்: 2020 வரை நைக்கி, பிறகு எம்பிஎல், 2023 தொடக்கத்தில் சிறிது காலம் கில்லர், அந்த ஆண்டு ஜூன் முதல் அடிடாஸ். நைக்கி முத்திரையும் ட்ரீம்11 பெயரும் ஒரே சட்டையில் இருந்தால் அதைத் தொட்டுப் பார்க்கவே தேவையில்லை. அப்படி ஒரு சட்டையை இந்திய அணி போட்டதே இல்லை.

இன்னொரு விதி முக்கியம். ஐசிசி நடத்தும் உலகக் கோப்பைகளில் நெஞ்சின் நடுவில் நாட்டின் பெயர்தான் இருக்கும். விளம்பரதாரர் பெயர் கைப்பகுதிக்குப் போய்விடும். 2023 உலகக் கோப்பைச் சட்டையில் 'இந்தியா' என்ற ஆங்கில எழுத்துகள்தான் நடுவில் இருந்தன. தோளில் அடிடாஸின் மூன்று கோடுகள் வெள்ளைக்குப் பதிலாக மூவண்ணத்தில் வந்தன. வாரியச் சின்னத்தின் மேல் இரண்டு நட்சத்திரங்கள், 1983, 2011 ஆகிய இரண்டு ஒருநாள் உலகக் கோப்பைகளுக்காக. அதற்கு முந்தைய சில சட்டைகளில் 2007 டி20 கோப்பையையும் சேர்த்து மூன்று நட்சத்திரங்கள் இருந்தன.

இப்போது தம்பியின் முதல் படத்துக்கு வருகிறேன். நெஞ்சின் நடுவில் பெரிதாக ட்ரீம்11. தோளில் வெள்ளைக் கோடுகள். சின்னத்தின் மேல் மூன்று நட்சத்திரங்கள். விற்பவர் சொல்வது உலகக் கோப்பைச் சட்டை. சட்டை சொல்வது அது இல்லை. துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவர் சொன்ன கதை இங்கேயே உடைந்துவிட்டது. ஆனால் போலி என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. இருதரப்புத் தொடருக்கான அசல் சட்டையை விவரம் தெரியாமல் உலகக் கோப்பைச் சட்டை என்று சொல்லி விற்கலாம். அதனால் சின்னத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

சின்னத்தைப் பற்றி நம்மிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. எம்ப்ராய்டரி என்றால் ஒரிஜினல், ஒட்டியது என்றால் டூப்ளிகேட் என்பார்கள். கால்பந்துச் சட்டைகளில் உண்மை பெரும்பாலும் நேர்மாறானது. அடிடாஸ், நைக்கி இரண்டுமே ஆட்டக்காரர் வகையில் எடை குறையவும் உள்பக்கம் தோலில் உரசாமல் இருக்கவும் சின்னத்தைச் சூடாக்கி அழுத்தி ஒட்டுகின்றன. ரசிகர் வகையில்தான் பெரும்பாலும் நூலில் பின்னுகின்றன. ஆகவே ஒட்டியதா, பின்னியதா என்பதை வைத்து அசல் போலியைத் தீர்மானிக்க முடியாது. எந்தச் சட்டையில் எது இருக்க வேண்டும் என்பதை நிறுவனத்தின் கடைப் பக்கத்தில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தரத்தை வேறு விதமாகப் பார்க்கலாம். இந்திய வாரியச் சின்னத்தில் நடுவிலிருந்து விரியும் கதிர்களும் வட்டத்தைச் சுற்றிய எழுத்துகளும் உண்டு. இவ்வளவு நுணுக்கமான கோடுகளை மலிவாகப் பின்னும்போது கதிர்களின் முனை மழுங்கி, எழுத்துகளின் உள்ளே இருக்கும் துளை அடைத்துக்கொள்ளும். சட்டையைப் புரட்டி உள்பக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னால் இன்னும் தெளிவாகத் தெரியும். கவனமாகச் செய்ததில் பின்புறத் தாங்குதுணி வடிவத்தையொட்டி வெட்டப்பட்டிருக்கும். அவசரத்தில் செய்ததில் நூல்முனைகள் தொங்கும், தாங்கு காகிதம் சதுரமாக நீட்டிக்கொண்டிருக்கும். தம்பி அனுப்பிய படத்தில் கதிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. உள்பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொன்னேன். காகிதம் சதுரமாகவே இருந்தது.

துணி விஷயத்தில்தான் படம் நம்மை அதிகம் ஏமாற்றும். இன்று அசல், போலி இரண்டுமே பாலியஸ்டர்தான். திருப்பூர் போன்ற பனியன் தொழில் ஊர்களில் கண்ணித்துளை போட்ட 'டிரை ஃபிட்' துணி எளிதாகக் கிடைக்கிறது. கையில் தொட்டால் தெரியும் எடையும் வழுவழுப்பும் படத்தில் வராது. அச்சைப் பார்ப்பது ஓரளவு உதவும். நம் ஊர் அணிகள் தங்கள் பெயர் போட்டுத் தைக்கும் ஜெர்சிகள் பெரும்பாலும் சப்ளிமேஷன் முறையில் வருகின்றன. வண்ணத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் துணிமேல் அழுத்துவார்கள். மை ஆவியாகி இழைக்குள் புகுந்துவிடும். கையால் தடவினால் எதுவும் தட்டாது. துணியின் உள்பக்கம் வெளுத்திருக்கும். சின்னம், விளம்பரம், கோடு எல்லாமே இப்படித் தட்டையாக அச்சாகியிருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் கிரிக்கெட்டில் அசல் சட்டைகளுக்கும் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள். எனவே துணியை நான் சாட்சியாக வைத்துக்கொள்வேன், தீர்ப்பாக அல்ல.

தீர்ப்புக்கு அருகில் கொண்டுபோவது டேக்தான். அதில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, வெளியே தொங்கும் அட்டை. இந்தியாவில் விற்கும் பிராண்டுச் சட்டையில் அதிகபட்ச சில்லறை விலை, அளவு, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும், புகார் செய்யத் தொடர்பு எண் எல்லாம் இருக்கும். இரண்டாவது, உள்ளே பக்கவாட்டுத் தையலில் சேர்த்துத் தைத்த சிறு துணித் துண்டுகள். துவைக்கும் முறை சொல்லும் பெரிய துண்டோடு ஒரு சின்னத் துண்டு இருக்கும். பொருளின் குறியீட்டு எண் அதில்தான். அடிடாஸில் இது பெரும்பாலும் ஆறு இடங்கள்: முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், பிறகு நான்கு எண்கள். நைக்கியில் ஆறு இடங்களுக்குப் பின் ஒரு கோடு, அதன்பின் நிறத்தைக் குறிக்கும் மூன்று எண்கள்.

அந்தக் குறியீட்டை அப்படியே தேடுபொறியில் தட்டுங்கள். அதே நிறம், அதே சின்னம் உள்ள சட்டை வர வேண்டும். போலி செய்பவர்கள் கையில் கிடைத்த ஏதோ ஒரு அசல் டேக்கை நகலெடுத்து, செய்யும் எல்லாச் சட்டைகளிலும் அதையே தைத்துவிடுவதுண்டு. தம்பியின் மூன்றாவது படத்தில் இருந்த குறியீட்டைத் தட்டினேன். வந்தது வேறு நிறத்தில், ஒரு கால்பந்து அணியின் சட்டை. இனி எதையும் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் குறியீடு சரியாக வந்திருந்தாலும் 'அசல்' என்று சொல்லியிருக்க மாட்டேன். சரியான எண்ணையும் நகலெடுக்கலாம். இந்த வேலையின் எல்லை இதுதான்: படங்களை வைத்து ஒரு சட்டையைத் தள்ளிவிடலாம், ஏற்றுக்கொள்ள முடியாது. ஒரு முரண் போதும், வேண்டாம் என்று சொல்ல. எல்லாம் பொருந்தினால் சந்தேகத்துக்கு இதுவரை காரணம் இல்லை என்றுதான் பொருள். அதன்பின் கேட்க வேண்டியது வாங்கிய பில்.

தம்பிக்கு நான் சொன்னது: "இது உலகக் கோப்பைச் சட்டையும் இல்லை, உரிமம் வாங்கின சட்டையும் இல்லை. பிடிச்சிருந்தா காப்பிக்கு உள்ள விலையில வேற வாங்கிக்கோ. ஒரிஜினல் விலை குடுக்காதே."

நீங்கள் யாரிடமாவது ஜெர்சி வாங்குவதாக இருந்தால், பணம் அனுப்பும் முன் ஐந்து படங்கள் கேளுங்கள்: பகல் வெளிச்சத்தில் முன்புறம், பின்புறம், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துச் சின்னம், அதன் உள்பக்கம், குறியீட்டு எண் தெரியும்படி டேக். அசல் வைத்திருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. டேக்கை மட்டும் காட்ட மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், அந்தச் சட்டையை விட்டுவிடுங்கள்.